கரையும் உப்பு எடுத்துக்கொள்ளும் வெப்பம்

பயிருக்குப் பொட்டாஷ் உரம் கரைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். வாளித் தண்ணீரில் உரத்தைக் கொட்டிக் கையால் கலக்கக் கலக்கத் தண்ணீர் சில்லிட்டுக்கொண்டே போகும். யூரியாவும் அப்படித்தான். ஆனால் அலமாரியில் ஈரத்தை இழுப்பதற்காக வைக்கும் கால்சியம் குளோரைடைத் தண்ணீரில் போட்டால் பாத்திரம் கையில் சுடும். சமையலுப்பைக் கரைத்தாலோ கைக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாமே வெள்ளைத் தூள், எல்லாமே தண்ணீரில் கரைகின்றன. ஒன்று குளிர்விக்கிறது, ஒன்று சூடாக்கிவிடுகிறது, இன்னொன்று சும்மா இருக்கிறது.

இந்தக் குளிர்ச்சியை மனிதர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியும் வந்திருக்கிறார்கள். அக்பரின் அரண்மனையில் குடிநீரைக் குளிரவைக்க வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதற்குள் குடிநீர்க் குடுவையை அசைத்து எடுத்த முறையை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் விவரித்திருக்கிறார். வெடிமருந்தில் தீயை மூட்டும் அதே உப்பு, தண்ணீரில் விழுந்தால் குளிர் தருகிறது. வேதியியலில் அதற்குப் பெயர் பொட்டாசியம் நைட்ரேட்.

குளிர்கிறது, சுடுகிறது என்று சொல்வதற்குக் கையே போதும். எவ்வளவு என்று கேட்டால்தான் தெர்மாமீட்டரும் தராசும் வேண்டியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவு உப்பு கரையும்போது எத்தனை ஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்கிறது அல்லது வெளியே விடுகிறது என்ற எண்ணைத்தான் கரைசல் என்தால்பி என்கிறார்கள். அதை அளப்பதற்கான கருவி, டீக்கடையில் கிடைக்கும் தெர்மோகோல் கப் ஒன்றுதான் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அந்தக் கப்பைக் கொண்டே நூலில் உள்ள எண்ணுக்கு மிகவும் பக்கத்தில் போய்விடலாம். தெர்மாமீட்டர் காட்டுவதை அப்படியே விடை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். அது காட்டும் இறக்கத்தில் உப்பின் பங்கு எவ்வளவு, கப்பின் பங்கு எவ்வளவு, அறையிலிருந்து திருட்டுத்தனமாக உள்ளே வந்த வெப்பம் எவ்வளவு என்று பிரித்தெடுப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்.

முதலில், வெப்பம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். பொட்டாஷ் உரத்தில் முக்கியமாக இருப்பது பொட்டாசியம் குளோரைடு. அதன் படிகத்தில் நேர்மின்னேற்றம் கொண்ட பொட்டாசியம் அயனிகளும் எதிர்மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு ஒன்றையொன்று இறுக இழுத்துப் பிடித்திருக்கின்றன. இந்தப் பிடியை விடுவித்து ஒரு மோல் உப்பின் அயனிகளைத் தனித்தனியாக்க 700 கிலோஜூலுக்கும் மேல் ஆற்றல் தேவை. ஒரு மோல் என்பது இந்த உப்பில் சுமார் 75 கிராம். பிரிந்த அயனி ஒவ்வொன்றையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது; அதுவும் கிட்டத்தட்ட 700 கிலோஜூல். ஆனால் செலவைவிட வரவு கொஞ்சம் குறைவு. அந்தப் பற்றாக்குறை சுமார் 17 கிலோஜூல். அதைத் தண்ணீரிடமிருந்தே உப்பு எடுத்துக்கொள்கிறது; தண்ணீர் குளிர்கிறது. இதை வெப்பக்கொள் செயல் என்கிறோம். வரவு கூடிப்போனால் மிச்சம் தண்ணீருக்கு வந்து சூடாகும்; அது வெப்ப உமிழ் செயல். சமையலுப்பில் வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. மோலுக்கு 4 கிலோஜூல்தான் பற்றாக்குறை என்பதால் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை.

700ஐயும் 700ஐயும் தனித்தனியே அளந்து கழித்து இந்த 17ஐக் கண்டுபிடிக்க முயன்றால் விடை நம்பும்படியாக இருக்காது. லாரியை ஓட்டுநரோடு ஒருமுறையும் ஓட்டுநர் இல்லாமல் ஒருமுறையும் எடைமேடையில் ஏற்றி, ஓட்டுநரின் எடையைக் கண்டுபிடிப்பது போன்ற காரியம் அது. தெர்மோகோல் கப் அந்த வித்தியாசத்தை மட்டும் நேராக அளந்துவிடுகிறது. இவ்வளவு எளிய கருவிக்கு மதிப்பு இருப்பதே அதனால்தான்.

இனி பொட்டாசியம் குளோரைடையே எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். உரக்கடையில் கிடைக்கும் சிவப்புப் பொட்டாஷ் இதற்கு உதவாது. அதன் நிறமே உள்ளே வேறு பொருள்கள் இருப்பதைச் சொல்கிறது. ஆய்வகத்துக்கான தூய வெள்ளை உப்பு வேண்டும். அதிலும் கட்டிகள் இருந்தால் பொடித்து, நன்றாக உலர்த்தி, மூடிவைத்து அறையின் வெப்பநிலைக்கு வரவிட வேண்டும். உலர்த்திய சூட்டோடு உப்பைக் கொட்டினால் அந்தச் சூடும் கணக்கில் சேர்ந்துவிடும்.

தெர்மோகோல் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, அவை சாயாமல் ஒரு கண்ணாடி பீக்கருக்குள் நிறுத்திக்கொள்கிறோம். மேலே மூடி, அதில் இரண்டு துளைகள், ஒன்று தெர்மாமீட்டருக்கு, மற்றது கலக்கும் கம்பிக்கு. தெர்மாமீட்டர் பத்தில் ஒரு டிகிரியைக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட சாதாரணத் தெர்மாமீட்டரில் அரை டிகிரிக்கு மேல் நம்பிப் படிக்க முடியாது. நாம் அளக்கப்போகும் இறக்கமே நான்கு டிகிரிதான். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நம் ஊர் அறைகளில் இதை மறப்பவர்கள் அதிகம். விசிறிக் காற்று கப்பின் மேல் பட்டுக்கொண்டிருந்தால் அறைக்கும் கப்புக்கும் இடையிலான வெப்பப் போக்குவரத்து கூடிவிடும். மூடி சரியாக இல்லையென்றால் நீர் ஆவியாகி, உப்பு செய்யாத குளிர்ச்சியை உப்பின் கணக்கில் சேர்த்துவிடும்.

கப்பில் 100 கிராம் தண்ணீர். அளவு உருளையில் ஊற்றிக் கண்ணால் பார்ப்பதைவிடத் தராசில் நிறுத்துக்கொள்வது நல்லது. உப்பு 7.46 கிராம், அதாவது பத்தில் ஒரு மோல். உப்பை நிறுத்த காகிதத்தைக் கொட்டிய பிறகு மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். காகிதத்தில் ஒட்டிக்கொண்ட துகள்கள் தண்ணீரைக் குளிர்விக்கவில்லை, அவற்றைக் கழித்தாக வேண்டும்.

உப்பைப் போடுவதற்கு முன்பே நான்கு நிமிடங்கள், அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டாக அது 29.0 டிகிரியில் நிலையாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காவது நிமிடம் உப்பு முழுவதையும் ஒரே வீச்சில் கொட்டி, மூடி, சீராகக் கலக்குகிறோம். வெப்பநிலை சட்டென்று இறங்கும். பெரும்பகுதி உப்பு முதல் அரை நிமிடத்திலேயே கரைந்துவிடும். மீதி மெல்ல மெல்லக் கரையும். ஆறரை நிமிடத்தில் 25.2 டிகிரி. அதற்குக் கீழே இறங்கவில்லை. பிறகு மிக மெதுவாக, நிமிடத்துக்கு 0.08 டிகிரி வீதம், ஏறத் தொடங்குகிறது. பத்தாவது நிமிடம் வரை குறித்துக்கொண்டு நிறுத்துகிறோம். கப்பைத் திறந்து அடியில் உப்பு ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். தங்கியிருந்தால் சோதனையைத் திரும்பச் செய்வதைத் தவிர வழியில்லை.

பெரும்பாலான மாணவர்கள் இங்கே ஒரு கழித்தலைப் போடுவார்கள். 29.0லிருந்து 25.2 போனால் 3.8 டிகிரி. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.18 ஜூல் எடுக்க வேண்டும். 100 கிராமுக்கு 418. அதை 3.8ஆல் பெருக்கினால் 1,588 ஜூல். இது பத்தில் ஒரு மோலுக்கு, ஆகவே ஒரு மோலுக்கு 15.9 கிலோஜூல். நூல்களில் இருப்பது சுமார் 17. எட்டு சதவீதம் குறைகிறது. பரிசோதனைப் பிழை என்று ஒரு வரி எழுதி ஏட்டை மூடிவிடுவது வழக்கம். அந்தப் பிழைக்குப் பெயர் உண்டு, காரணம் உண்டு, அளவும் உண்டு என்பதால் அப்படி மூடிவிடக் கூடாது.

முதல் காரணம், அந்த 25.2 என்ற எண்ணே. உப்பு கரைந்துகொண்டிருந்த இரண்டரை நிமிடமும் அறை 29 டிகிரியில் இருந்தது, கப் அதைவிடக் குளிர்ந்திருந்தது. வெப்பம் உள்ளே கசிந்துகொண்டே இருந்தது. கசிவு இல்லாதிருந்தால் தண்ணீர் இன்னும் கீழே போயிருக்கும். எவ்வளவு கீழே என்பதைப் பிறகு வந்த மெதுவான ஏற்றமே சொல்லிவிடுகிறது. அளவுகளை வரைதாளில் குறித்து, ஆறரை நிமிடத்துக்குப் பிந்தைய புள்ளிகளின் வழியே ஒரு நேர்கோடு போட்டு, அதைப் பின்னோக்கி நான்காவது நிமிடம் வரை நீட்ட வேண்டும். நிமிடத்துக்கு 0.08 டிகிரி, இரண்டரை நிமிடத்துக்கு 0.2 டிகிரி. கோடு நான்காவது நிமிடத்தை 25.0இல் தொடுகிறது. எந்தத் தெர்மாமீட்டரும் காட்டாத இந்த 25.0தான் நமக்கு வேண்டிய வெப்பநிலை. இறக்கம் 4.0 டிகிரி ஆகிறது, விடை 16.7 கிலோஜூலுக்கு ஏறுகிறது.

இந்தச் சோதனையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பின்னோக்கிய கோட்டைத்தான். கசிவைத் தடுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, கசிவையே அளந்து, அதைக் கொண்டே கசிவைத் திருத்துகிறது. கசிவு முழுவதையும் இப்படித் திருத்தாமல் குறைக்கவும் ஒரு வழி உண்டு. தண்ணீரை அறையைவிட இரண்டு டிகிரி சூடாகத் தொடங்கினால், இறங்கி முடியும்போது அறையைவிட இரண்டு டிகிரி கீழே நிற்கும். முதல் பாதியில் வெளியே போனதும் இரண்டாம் பாதியில் உள்ளே வந்ததும் ஓரளவு சமமாகும். ஆனால் உப்பு ஒரே சீராகக் கரைவதில்லை. ஆகவே கோடு போடுவதற்கு இது மாற்று ஆகாது.

இரண்டாவது காரணம் கப். தண்ணீர் மட்டுமா குளிர்ந்தது? கப்பின் உட்சுவர், தெர்மாமீட்டரின் முனை, கலக்கும் கம்பி எல்லாமே நான்கு டிகிரி குளிர்ந்தன. அவையும் வெப்பம் கொடுத்திருக்கின்றன. அந்தப் பங்கை அறிய உப்பே இல்லாமல் ஒரு முன்சோதனை செய்ய வேண்டும். கப்பில் 29.0 டிகிரித் தண்ணீர் 50 கிராம். அதில் 49.0 டிகிரி வெந்நீர் 50 கிராமை ஊற்றுகிறோம். கப் எதையும் எடுத்துக்கொள்ளாவிட்டால் கலவை சரியாக 39.0இல் நிற்க வேண்டும். கோடு போட்டுத் திருத்திய பிறகும் அது 38.7இல் நிற்கிறது. வெந்நீர் இழந்தது 10.3 டிகிரி, 2,153 ஜூல். தண்ணீர் பெற்றது 9.7 டிகிரி, 2,027 ஜூல். காணாமல் போன 126 ஜூல் கப்புக்குள் போயிருக்கிறது. கப்பும் 9.7 டிகிரி சூடாகியிருப்பதால், அதை ஒரு டிகிரி மாற்ற 13 ஜூல் வேண்டும் என்று ஆகிறது.

இந்த 13 மிகவும் பலவீனமான எண் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 38.7க்குப் பதில் 38.6 என்று படித்திருந்தால் அது 17 ஆகிவிடும். பத்தில் ஒரு டிகிரி பிசகினால் மூன்றில் ஒரு பங்கு மாறுகிறது. முன்சோதனையை மூன்று நான்கு முறை செய்து சராசரி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். நல்லவேளையாக, தண்ணீரின் 418க்குப் பக்கத்தில் இது சிறிய எண். இதில் வரும் தவறு கடைசி விடையை ஒரு சதவீதத்துக்கு மேல் அசைக்காது. தெர்மோகோலைத் தேர்ந்தெடுப்பதன் காரணமும் இதுவே. அதே அளவு கனமான கண்ணாடிப் பாத்திரத்தில் செய்தால் பாத்திரத்தின் பங்கு பல மடங்கு பெருகி, அதன் பிழையும் விடைக்குள் வந்துவிடும்.

தண்ணீரின் 418உடன் கப்பின் 13ஐக் கூட்டினால் 431. நான்கு டிகிரிக்கு 1,724 ஜூல். மோலுக்கு 17.2 கிலோஜூல். நூலில் உள்ள எண்ணும் 17.2. இங்கே நிறுத்திவிட யாருக்கும் ஆசை வரும். ஆனால் இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

குளிர்ந்தது தண்ணீரா, கரைசலா? கரைசல்தான். அதன் எடை 100 அல்ல, 107.46 கிராம். சிலர் இந்த எடையை அப்படியே 4.18ஆல் பெருக்குவார்கள், 449 வரும். அது தண்ணீரின் எண்ணைக் கரைசலுக்குக் கடன் கொடுப்பது. கரைசலின் தன் வெப்ப ஏற்புத்திறன் தண்ணீரைவிடக் குறைவு. இந்தச் செறிவில் கிராமுக்குச் சுமார் 3.82 ஜூல். 107.46ஐ அதனால் பெருக்கினால் 411 ஜூல்தான் வருகிறது. இதில் ஒரு வியப்பு இருக்கிறது. நூறு கிராம் தண்ணீரில் ஏழரை கிராம் உப்பைச் சேர்த்திருக்கிறோம், பொருள் கூடியிருக்கிறது. ஆனாலும் அதைக் குளிர்விக்கத் தேவையான வெப்பம், தனித் தண்ணீருக்குத் தேவையானதைவிடக் குறைந்துவிட்டது! அயனிகளைச் சுற்றி நிற்கும் நீர் மூலக்கூறுகள் தம் இயல்பான பின்னலிலிருந்து பிரிக்கப்பட்டுவிடுகின்றன. தண்ணீருக்கு அவ்வளவு பெரிய வெப்ப ஏற்புத்திறனைக் கொடுப்பது அந்தப் பின்னல்தான். எனவே இந்த மாதிரி நீர்த்த கரைசல்களில் எடையைக் கூட்டி 4.18ஆல் பெருக்குவதைவிட, தண்ணீரின் எடையை மட்டும் எடுத்துக்கொள்வதே உண்மைக்குப் பக்கம்.

411உடன் 13 சேர்ந்து 424. நான்கு டிகிரிக்கு 1,696 ஜூல், மோலுக்கு 17.0 கிலோஜூல். 17.2 என்று நூலோடு ஒத்துப்போனது தற்செயல். இன்னொரு தற்செயலையும் பாருங்கள்: எந்தத் திருத்தமும் செய்யாமல் 3.8 டிகிரியையும், தவறாகப் பெருக்கிய 449ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் 17.1 வரும். வெப்பக் கசிவையும் கப்பையும் மறந்தது விடையைக் குறைத்தது, தவறான ஏற்புத்திறன் விடையைக் கூட்டியது, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. அந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஆனால் இதே கணக்கை வேறு உப்புக்குப் போட்டால் பிழைகள் இப்படிச் சமாதானமாகப் போகும் என்று எந்த உறுதியும் இல்லை. விடை நூலோடு ஒத்துப்போவதை வைத்து முறை சரி என்று முடிவுகட்டக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நூலில் உள்ள எண்ணுக்கும் சில நிபந்தனைகள் உண்டு. 17.2 என்பது 25 டிகிரியில், ஏராளமான தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைக்கும்போது வருவது. வெப்ப அளவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பரிசோதிக்க அமெரிக்காவின் தர அளவைக் கழகமான நிஸ்ட், தூய பொட்டாசியம் குளோரைடையே சான்றளித்து விற்றிருக்கிறது. ஒரு மூலக்கூறு உப்புக்கு 500 மூலக்கூறு நீர் என்ற விகிதத்தில் அதன் மதிப்பு 17.58. நம் கப்பிலோ ஓர் உப்புக்கு 55 நீர்தான் இருந்தது. வெப்பநிலையும் 29. பொட்டாசியம் குளோரைடின் கரைசல் என்தால்பி ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அளவு குறைகிறது. நான்கு டிகிரிக்கு அரை கிலோஜூலைத் திரும்பச் சேர்த்தால் நம் விடை 17.5 என்று ஆகிறது. சென்னையின் மே மாத அறையில் செய்த சோதனையை 25 டிகிரி மதிப்போடு அப்படியே ஒப்பிட்டுத் தன் கைத்திறனைக் குறைசொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி இலக்கத்தை நம்பிவிடக் கூடாது. தொடக்க வெப்பநிலையிலும் இறுதி வெப்பநிலையிலும் தலா பத்தில் ஒரு டிகிரி ஐயம் இருந்தால், நான்கு டிகிரி வித்தியாசத்தில் மூன்று, நான்கு சதவீத ஐயம் வரும். ஆகவே ஏட்டில் எழுத வேண்டியது 17.48 என்றோ 17.5 என்றோ அல்ல. பதினேழரை, அதில் அரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதே. சமையலுப்புக்கு இந்தக் கருவி போதாது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பத்தில் ஒரு மோல் சமையலுப்பு 100 கிராம் தண்ணீரை ஒரு டிகிரிகூடக் குளிர்விப்பதில்லை. அதில் பத்தில் ஒரு டிகிரிப் பிசகு விடையையே ஆட்டிவிடும். வெப்பக்கொள் செயல் என்று வகைப்படுத்தலாம், அளவைச் சொல்லத் துணியக் கூடாது.

குறியையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் 1,696 ஜூலை இழந்தது. நாம் கணக்கு எழுதுவது தண்ணீருக்கல்ல, கரைதல் என்ற செயலுக்கு. தண்ணீர் இழந்ததை அந்தச் செயல் பெற்றது. ஆகவே என்தால்பி நேர்க்குறி. தெர்மாமீட்டர் இறங்கினால் கூட்டல், ஏறினால் கழித்தல்.

வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு செயல் தானாக நடப்பதே 19ஆம் நூற்றாண்டில் பெரிய சிக்கலாக இருந்தது. கோபன்ஹேகனில் யூலியஸ் தாம்சனும் பாரிஸில் மார்செலின் பெர்த்தலோவும் ஆயிரக்கணக்கான வெப்ப அளவைகளைச் செய்தவர்கள். வேதிமாற்றங்கள் அதிக வெப்பத்தை வெளியிடும் திசையிலேயே தாமாக நடக்கும் என்று இருவருமே கருதினார்கள். பொட்டாஷ் கரைந்து வாளி குளிர்வது அந்தக் கருத்துக்கு எதிரே நின்றது. படிகத்தில் வரிசையாக அடைபட்டிருந்த அயனிகள் தண்ணீர் முழுவதும் பரவிச் சிதறும் வாய்ப்பும், அதாவது என்ட்ரோப்பியின் உயர்வும், ஒரு செயலை முன்னே தள்ளும் என்பது பின்னர் கிப்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் பணியால்தான் தெளிவானது. வெப்பக்கொள் செயல் என்று வகைப்படுத்திவிட்டால் அது கரையுமா கரையாதா என்பதைச் சொல்லிவிட்டதாக ஆகாது.

வகைப்படுத்துவதிலேயே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் செய்முறையில் இந்தச் சோதனையைக் காப்பர் சல்ஃபேட்டிலோ பொட்டாசியம் நைட்ரேட்டிலோ செய்கிறார்கள். காப்பர் சல்ஃபேட் நமக்கு மயில்துத்தமாகப் பழக்கமானது. அந்த நீலப் படிகத்தைக் கரைத்தால் தண்ணீர் லேசாகக் குளிரும்; மோலுக்குக் கூட்டல் 11.7 கிலோஜூல். அதையே வறுத்து நீரைப் போக்கி, வெள்ளைப் பொடியாக்கிக் கரைத்தால் தண்ணீர் நன்றாகச் சூடாகும். கழித்தல் 66 கிலோஜூல். இருபதில் ஒரு மோல் அளவில், 12.5 கிராம் நீலத்தை 100 கிராம் தண்ணீரில் கரைத்தால் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். 8 கிராம் வெள்ளையைக் கரைத்தால் எட்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவாக ஏறும். புட்டியின் மேல் பெயர் ஒன்றே, குறியோ நேர் எதிர். நீலப் படிகத்தின் அயனிகளை ஐந்து நீர் மூலக்கூறுகள் ஏற்கெனவே சூழ்ந்திருக்கின்றன. தண்ணீரிடமிருந்து கிடைக்க வேண்டிய வரவில் பெரும்பகுதியை அது முன்பே வாங்கிவிட்டது. கால்சியம் குளோரைடும் இப்படித்தான். நீரற்றது கொதிப்பது போல் சூடாக்கும், ஆறு நீரோடு சேர்ந்த படிகம் குளிர்விக்கும். காப்பர் சல்ஃபேட் நச்சுப் பொருள் என்பதால் சமையலறைப் பாத்திரத்தில் இதைச் செய்யக் கூடாது, கழுவிய நீரைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றவும் கூடாது.

இந்த இரண்டு எண்களிலிருந்தும் மூன்றாவது ஒன்று கிடைக்கிறது. வெள்ளைப் பொடி ஐந்து நீரை ஏற்று நீலப் படிகமாகும்போது எவ்வளவு வெப்பம் வெளிவருகிறது என்பதை நேராக அளக்கவே முடியாது. சரியாக ஐந்து மூலக்கூறு நீரை ஊற்றினால் ஓரிடத்தில் நனைந்து கரையும், ஓரிடத்தில் காய்ந்தே இருக்கும்; திண்மத்துக்குள் தெர்மாமீட்டரை எங்கே வைப்பது? ஜெனீவாவில் பிறந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பணிபுரிந்த ஜெர்மைன் ஹெஸ் 1840இல் வெளியிட்ட விதி இங்கே கைகொடுக்கிறது: தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், எந்த வழியில் போனாலும் மொத்த வெப்பம் ஒன்றே. வெள்ளைப் பொடி நேராகக் கரைந்தாலும், முதலில் நீலமாகிப் பிறகு கரைந்தாலும் முடிவில் அதே நீலக் கரைசல்தான். ஆகவே கழித்தல் 66லிருந்து கூட்டல் 11.7ஐக் கழித்தால் போதும். நீரேறும் வெப்பம் மோலுக்குச் சுமார் 78 கிலோஜூல், வெளியே.

இந்தக் கழித்தல் சரியாக வர, இரண்டு சோதனைகளும் ஒரே கரைசலில் முடிய வேண்டும். 12.5 கிராம் நீலப் படிகத்துக்குள் நான்கரை கிராம் நீர் ஏற்கெனவே இருக்கிறது. கப்பில் அந்த அளவு தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். நீலப் படிகத்தை நன்றாக அரைத்துக்கொள்ளாவிட்டால் அது கரைந்து முடிய நேரம் பிடிக்கும். ஒன்றரை டிகிரி இறக்கம் கசிவில் பாதி மறைந்துவிடும். வெள்ளைப் பொடியில் வேறு தொல்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும், நம் கடலோர ஊர்களின் காற்றில் இன்னும் வேகமாக. பத்தில் ஒரு பங்கு நீலமாக மாறிவிட்டால் அந்தப் பங்கு சூடாக்குவதற்குப் பதில் குளிர்விக்கிறது. விடை 66க்குப் பதில் 58 என்று வரும், அதைத் தெர்மாமீட்டரோ கப்போ காட்டிக்கொடுக்காது. நிறம் காட்டிக்கொடுக்கும். தராசில் வைக்கும்போதே பொடியில் லேசாக நீலம் ஓடியிருந்தால், அதை மீண்டும் வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து எடுத்த பிறகுதான் கப்பில் போட வேண்டும்.